டிரையர் ஈரம்: படம் பிடித்த மீன்முள் வரைபடத்தைக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பதில் குழப்பம்

ஹட்டன் கீதா (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைப் பேக்டரியில் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தர மேம்பாட்டு வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் எங்கள் குழு ஒரு மீன்முள் வரைபடம் போட்டது, அதாவது பிரச்சினையை மீனின் தலையிலும் அதன் காரணங்களை முட்களிலும் எழுதும் படம். இரண்டு பிரிஸ்டல் போட்டுகளை ஒட்டி, சுவரில் மாட்டி, ஏழு பேரும் மார்க்கரால் எழுதினோம். மீனின் தலையில் எழுதியது "டிரையரில் இருந்து வரும் தேயிலையில் ஈரம் கூடுதல்".

வகுப்பு முடிந்ததும் நான் போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். பிரிஸ்டல் போட்டுகளை அன்றைக்கே கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இப்போது கையில் இருப்பது அந்தப் படம் மட்டும்தான். ஒரு மூலையில் டியூப் லைட் வெளிச்சம் பட்டு எழுத்து வெளுத்திருக்கிறது. படத்தில் உள்ள காரணங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, அட்டவணையாக வரும் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். இதுதான் ஒப்படை.

படத்தில் இருந்தபடி தட்டச்சு செய்திருக்கிறேன்:

மனிதர்: 1 டிரையர்காரர் கவனமில்லை. 2 பயிற்சி போதாது. 3 ராத்திரியில் அடுப்புக்கும் டிரையருக்கும் ஒரே ஆள். 4 தூளை அள்ளிக் கொட்டுகிறார்.
இயந்திரம்: 5 ...ல்ட் லூஸ் (முன் எழுத்து தெரியவில்லை). 6 சூடு ஏறவில்லை. 7 புது டிரையர் இல்லை.
பொருள்: 8 விறகு ஈரம். 9 வாட்டம் போதாத கொழுந்து. 10 தூளில் கட்டி.
முறை: 11 தட்டில் தூள் தடிப்பு. 12 ஷிப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை.
அளவீடு: 13 தர தெதய் (ஒரு சிங்கள நண்பர் சிங்களத்தில் எழுதியது, தரம் பற்றி ஏதோ என்று நினைக்கிறேன்). 14 ஈரமானி சரிபார்க்கவில்லை.
சூழல்: 15 மழை, மூடுபனி. 16 தேயிலை ஈரமாக வருகிறது.

என் கேள்வி: படத்தில் எந்த முள்ளில் இருக்கிறதோ அப்படியே விட வேண்டுமா? அல்லது எனக்குச் சரியென்று படும் இடத்துக்கு மாற்றலாமா? 12ஐ எல்லாம் "மனிதர்" முள்ளுக்குக் கொண்டு போகலாம்போல இருக்கிறது. 16ஐ என்ன செய்வதென்றே விளங்கவில்லை.

பதுளை சுதன் (திங்கள், இரவு 9.42)

அக்கா, நான் போன வருடம் இதே மாதிரி வகுப்பை முடித்தேன். தாராளமாக மாற்றலாம். ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கி, தேவையில்லாததை வெட்டிவிடுங்கள். 1, 2, 4 மூன்றும் ஒன்றுதான், "பயிற்சி போதாது" என்று ஒரே வரியாகப் போடலாம். 12உம் மனிதர்தான். 16ஐ எடுத்துவிடுங்கள், அது தலையில் எழுதியதையே திரும்பச் சொல்கிறது. 7 இருக்கட்டும், நிர்வாகம் பார்க்கட்டும். கடைசியில் பத்துக்குள் வந்தால் அட்டவணை அழகாக இருக்கும்.

தலவாக்கலை பழைய டீமேக்கர் (திங்கள், இரவு 10.15)

மகள், டிரையரில் ஈரம் நிற்கிறது என்றால் முதலில் அடுப்பைப் பாருங்கள். உள்ளே போகும் காற்று 200 பாகை பாரன்ஹைட் அளவில் இருக்க வேண்டும். மேல் தட்டு வழியாக வெளியே வருவது 120க்கும் 130க்கும் நடுவில் நிற்க வேண்டும். 120க்குக் கீழே போனால் தூள் காயாமல் அவியத் தொடங்கும், கோப்பையில் அது தெரிந்துவிடும். சரி, சூட்டை ஏற்றிவிடலாம் என்று கண்டபடி ஏற்றினாலும் தப்பு. வெளித்தோல் இறுகிவிடும், உள்ளே ஈரம் பூட்டிக்கொள்ளும். டிரையர் வாயில் காய்ந்தமாதிரிதான் இருக்கும், பெட்டியில் போய் இளகும். நான் 31 வருடம் டிரையர் பக்கத்தில் நின்றவன். விறகை இரண்டு மாதமாவது கூரைக்குள் அடுக்கிக் காயவிடுங்கள். ஈரம் தானாகக் குறையும்.

ஹட்டன் கீதா (திங்கள், இரவு 10.31)

நன்றி ஐயா. ஆனால் நான் கேட்டது ஈரத்தை எப்படிக் குறைப்பது என்றில்லை. குழு எழுதியவற்றை எப்படிப் பிரிப்பது என்றுதான். இருந்தாலும் நீங்கள் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

சுதன் தம்பி, வெட்டுவதற்குத்தான் எனக்குத் தயக்கம். ஏழு பேர் எழுதியதில் நான் ஒருத்தி எதை வெட்டுவது?

பண்டாரவளை செல்வம் (செவ்வாய், காலை 6.20)

தங்கச்சி, பிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. படத்தில் எல்லாமே ஒரே நிற மார்க்கரா? தட்டச்சு செய்த பட்டியலில் அது தெரியவில்லை. காரணத்தில் இருந்து முள்ளுக்குப் போகும் கோடுகளையும் பாருங்கள். எல்லாம் பெரிய முள்ளில்தான் தொடுகின்றனவா, வேறு எங்காவது போகிறதா?

நான் கொஞ்சக் காலம் பேக்டரிகளில் இந்த வகுப்பை நடத்தியவன். படத்தில் இருந்து பட்டியல் எடுக்கும்போது முதலில் தொலைவது இந்த இரண்டும்தான்.

ஹட்டன் கீதா (செவ்வாய், மதியம் 12.50)

அண்ணா, சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு நிறம் இருக்கிறது. முதல் சுற்றில் எல்லோரும் நீலத்தில் எழுதினோம். அப்புறம் சேர் வந்து "இது ஏன் நடக்கிறது?" என்று கேட்டபோது சிவப்பு மார்க்கரைக் கொடுத்தார். 3, 8, 12, 13, 15 சிவப்பு. மற்றவை எல்லாம் நீலம்.

கோடுகளையும் பார்த்தேன். 3இல் இருந்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இயந்திர முள்ளைத் தாண்டி 6க்குப் போகிறது. இதை நான் முதலில் கவனிக்கவே இல்லை, போட்டின் மடிப்பு என்று நினைத்துவிட்டேன். 8உம் 13உம் 6க்கே போகின்றன. 12 போவது 11க்கு. 15இல் இருந்து இரண்டு கோடு, ஒன்று 9க்கு, மற்றது 8க்கு.

பண்டாரவளை செல்வம் (செவ்வாய், இரவு 8.05)

பார்த்தீர்களா, உங்கள் குழு பிரிக்கும் வேலையில் பாதியை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. சிவப்பில் இருப்பவை நீலத்துக்குப் பதில்கள். "சூடு ஏறவில்லை, ஏன்?" என்று சேர் கேட்டிருக்கிறார். ஒருவர் "விறகு ஈரம்" என்றார், இன்னொருவர் "ஒரே ஆள்" என்றார். ஆகவே 3, 8, 13 மூன்றும் 6இல் இருந்து முளைத்த சின்ன முட்கள். உங்கள் பட்டியலில் 3 மனிதர் முள்ளில் தனியாக நிற்கிறது. 6 வேறு எங்கோ இயந்திர முள்ளில் நிற்கிறது. படிப்பவருக்கு இரண்டுக்கும் தொடர்பே தெரியாது.

இனி 13. "தர தெதய்" என்றால் தரம் இல்லை தங்கச்சி. சிங்களத்தில் தர என்றால் விறகு, தெதய் என்றால் ஈரமாக இருக்கிறது. அதாவது அதுவும் "விறகு ஈரம்" தான். அது அளவீட்டு முள் பக்கம் ஏன் போனது? அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்திருக்கும். உங்கள் பட்டியலில் அங்கே ஒரே ஒரு நீல வரிதான் இருக்கிறது. சுவரில் எழுதும்போது கை எட்டும் இடத்தில்தான் எழுதுவார்கள். அதனால்தான் எந்த முள்ளில் இருக்கிறது என்பதைவிடக் கோடு எங்கே போகிறது என்பதை நம்பச் சொல்கிறேன்.

மாற்றலாமா, விடலாமா என்று கேட்டீர்கள். இரண்டையும் செய்யுங்கள். அட்டவணையில் முதலில் எண், அடுத்து எழுதியபடியே வாசகம், அடுத்து படத்தில் இருந்த முள், அடுத்து நிறம், அடுத்து "எதற்குக் கிளை". இவ்வளவும் படத்தில் கண்டது, இதில் உங்கள் கருத்து ஒரு சொல்கூட வரக்கூடாது. அதற்கு வலப்புறம் ஒரு தடித்த கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் "இப்போது எந்தக் கொத்து", "ஏன் மாற்றினேன்" என்று உங்கள் பத்திகள். யாராவது "நான் எழுதியதை எங்கே போட்டாய்?" என்று கேட்டால் இடப்பக்கத்தைக் காட்டலாம்.

கண்டி தாதி (செவ்வாய், இரவு 9.20)

செல்வம் அண்ணா சொல்வதை நான் பட்டுத்தான் படித்தேன். நான் ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். எங்கள் வாட்டில் காலை மருந்து பிந்துவது பற்றி மீன்முள் போட்டோம். படத்தில் இருந்து பிரித்தது நான்தான். "தாதி பற்றாக்குறை" என்பதுபோல நான்கு இடத்தில் இருந்ததை ஒரே வரியாக்கி, எல்லாம் தெளிவாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு அக்கா வந்து, "நான் எழுதியது அது இல்லை, மருந்து வண்டியைத் தள்ள ஆள் இல்லை என்றுதான் எழுதினேன்" என்றார். வண்டியின் சக்கரம் உடைந்திருந்தது, அதனால்தான் தள்ள இரண்டு பேர் தேவைப்பட்டது. நான் ஒன்றாக்கிய நேரத்தில் அந்தச் சக்கரம் பட்டியலிலேயே இல்லாமல் போய்விட்டது.

அதனால் 1, 2, 4 மூன்றையும் ஒன்றாக்காதீர்கள். "தூளை அள்ளிக் கொட்டுகிறார்" என்பது கண்ணால் பார்த்த ஒரு செயல். "கவனமில்லை" என்பது ஒருவர் போட்ட தீர்ப்பு. "பயிற்சி போதாது" என்பது ஊகம். மூன்றும் வேறு வேறு.

பதுளை சுதன் (செவ்வாய், இரவு 9.48)

சரி, ஒத்துக்கொள்கிறேன், 4ஐத் தனியாக வைக்கலாம். ஆனால் 8உம் 13உம் ஒரே விஷயம்தானே? அதையாவது ஒன்றாக்கலாம் இல்லையா? இரண்டு பேர் எழுதியதால் அதுதான் பெரிய காரணம் என்றும் போடலாம்.

பண்டாரவளை செல்வம் (செவ்வாய், இரவு 10.10)

ஒன்றாக்கலாம் தம்பி. இரண்டும் ஒரே பொருள், இரண்டு கோடும் ஒரே இடத்துக்குப் போகின்றன. ஆனால் எண்ணை "8+13" என்று வைத்துக்கொள்ள வேண்டும், 13ஐ அழிக்கக்கூடாது. இரண்டு பேர் சொன்னதால் பெரிய காரணம் என்று மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் நின்றவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவரும் எழுதியிருக்கலாம். மீன்முள் என்பது ஊகங்களின் பட்டியல்தான். எது பெரிது என்பதைத் தேயிலையையும் அடுப்பையும் அளந்துதான் சொல்ல முடியும்.

தலவாக்கலை பழைய டீமேக்கர் (புதன், காலை 5.40)

மகள், முந்தாநாள் உங்கள் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இப்போது முழுவதும் வாசித்தேன். 6ஆம் எண் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. "சூடு ஏறவில்லை" என்று எழுதியவர் எந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினார்? டிரையரில் இரண்டு இருக்குமே.

உள்ளே போகும் காற்றின் சூடு குறைவென்றால் குற்றம் அடுப்பில், விறகில், அல்லது விறகு போடும் ஆளில். அப்போது 3, 8, 13 மூன்றும் 6இன் கிளைகள் என்பது சரி. ஆனால் உள்ளே போகும் சூடு சரியாக இருந்து, வெளியே வருவது மட்டும் குறைவென்றால் கதை வேறு. அப்போது தூள் தடிப்பாக விழுகிறது, அல்லது வாட்டம் போதாமல் ஈரத்தோடு வருகிறது, அல்லது காற்று போதவில்லை. அந்த 9, 11 எல்லாம் அப்போது 6இன் கிளைகளாகிவிடும். ஒரே இரண்டு சொல்தான், ஆனால் எந்தத் தெர்மாமீட்டர் என்பதைப் பொறுத்து பாதி மீன் இடம் மாறும்.

பண்டாரவளை செல்வம் (புதன், காலை 6.30)

ஐயா, இது என் மண்டையில் வரவில்லை. அருமையான கேள்வி. கீதா தங்கச்சி, 6ஐ எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்கும் வரை 6க்குக் கீழே யாரையும் உறுதியாக அடைக்க வேண்டாம்.

அப்புறம் 5. வெளிச்சத்தில் மறைந்த எழுத்து. "பெல்ட் லூஸ்" ஆகவும் இருக்கலாம், "போல்ட் லூஸ்" ஆகவும் இருக்கலாம். "ல்" க்கு முன்னால் ஒரு கால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் போல்ட்.

ஹட்டன் கீதா (புதன், மதியம் 1.05)

பார்த்தேன் அண்ணா. வெளுப்பு சரியாக "ல்" வரைக்கும் வந்துவிட்டது, கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. எப்படியும் இரண்டுமே இயந்திர முள்தானே, அங்கேயே போட்டுவிடட்டுமா?

பண்டாரவளை செல்வம் (புதன், இரவு 7.50)

இங்கேதான் எனக்கு இந்த ஆறு முள் முறையில் வருத்தம். மனிதர், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்று ஆறு பெட்டி வைத்தால் பெல்ட்டும் போல்ட்டும் ஒரே பெட்டியில் விழும், ஒரு பிரச்சினையும் தெரியாது. ஆனால் மின்விசிறியின் பெல்ட் நழுவினால் காற்று குறையும். தூள் பரப்பும் பக்கம் போல்ட் தளர்ந்தால் தூள் ஒரு பக்கம் தடித்து விழும். இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு, பார்க்கும் ஆளும் வேறு.

டிரையரில் ஒரு தூள் காயாமல் வருவதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று யோசியுங்கள். சூடு போதவில்லை. காற்று போதவில்லை. தட்டில் தூள் தடிப்பு, அல்லது கட்டி கட்டியாக இருக்கிறது. வரும்போதே ஈரம் கூடுதலாக வருகிறது. அல்லது தேயிலை சரியாகத்தான் காய்ந்தது, அளந்ததில் பிழை. முக்கியமாக இந்த ஐந்து வழிதான். உங்கள் 16 வரிகளையும் இந்த ஐந்து கொத்தில் போட்டுப் பாருங்கள். "மனிதர்" என்று தனிக் கொத்து வேண்டாம். அந்த ஆள் எந்த வழியாக ஈரத்தை உண்டாக்குகிறார் என்று பார்த்து அந்தக் கொத்தில் போடுங்கள்.

போட்டதும் ஒவ்வொரு வரியையும் "அதனால்" வைத்து வாசியுங்கள். "விறகு ஈரம், அதனால் சூடு ஏறவில்லை, அதனால் தேயிலையில் ஈரம் நிற்கிறது." தடையில்லாமல் போகிறது. "புது டிரையர் இல்லை, அதனால் தேயிலையில் ஈரம்." இது போகாது. பழைய டிரையர் எதைச் செய்யத் தவறுகிறது என்ற நடுத்துண்டு இல்லை. 7 ஒரு தீர்வு, காரணத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எழுதியவரைக் கேட்டால் "குழாய்களில் கரி பிடித்திருக்கிறது" என்றோ "தட்டு வளைந்திருக்கிறது" என்றோ உண்மையான காரணம் வரும். அது வரும் வரைக்கும் ஒரு ஓரத்தில் நிறுத்தி வையுங்கள், வெட்ட வேண்டாம். 16க்கு எதிரே "தலையே திரும்ப வந்தது" என்று எழுதி விடுங்கள்.

பதுளை சுதன் (புதன், இரவு 8.15)

அண்ணா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்படைத் தாளில் ஆறு முள் என்று அச்சடித்தே கொடுப்பார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வேறு தலைப்பு வைத்ததற்குப் புள்ளி குறைத்தார்கள். ஆறு முள்தான் முறை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

பண்டாரவளை செல்வம் (புதன், இரவு 8.40)

ஆறு முள் ஒரு வழி தம்பி, ஒரே வழி இல்லை. இந்த வரைபடத்தை ஜப்பானில் பழக்கத்துக்குக் கொண்டு வந்த கவோரு இஷிகாவாவே ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வரையலாம் என்று எழுதியிருக்கிறார். வேலை நடக்கும் படிகளையே முட்களாக வைப்பதும் அதில் ஒன்று. கீதா இரண்டு பத்தி வைக்கட்டும், ஆறு முள் ஒன்று, ஐந்து கொத்து ஒன்று. புள்ளி விஷயத்தில் நான் உத்தரவாதம் தர முடியாது.

கண்டி தாதி (புதன், இரவு 9.05)

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மனிதர் என்ற முள்ளையே எடுத்துவிட்டால், ஆள் பற்றாக்குறை, களைப்பு, ஷிப்ட் போன்ற விஷயங்கள் சூட்டுக்குள்ளும் காற்றுக்குள்ளும் சிதறிப்போய்விடும். பிறகு நிர்வாகத்திடம் "ஆள் போதாது" என்று ஒரே இடத்தில் காட்ட முடியாது. எங்கள் வாட்டில் அப்படிக் காட்டித்தான் ஒரு ஆளைப் பெற்றோம்.

பண்டாரவளை செல்வம் (புதன், இரவு 9.30)

அது நியாயமான கவலை. என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் 3ஐப் பாருங்கள். ஒரே ஆள் அடுப்புக்குப் போனால் டிரையரில் தூள் குவிகிறது. திரும்பி வந்து அவசரத்தில் அள்ளிக் கொட்டுகிறார், அதுதான் 4. தட்டில் தடிப்பாகிறது, அதுதான் 11. டிரையரில் நின்றால் அடுப்பில் விறகு பிந்துகிறது, சூடு இறங்குகிறது, அது 6. ஆகவே 3ஐச் சூட்டுக் கொத்திலும் தடிப்புக் கொத்திலும் இரண்டு முறை எழுதலாம், எண் மட்டும் 3 ஆகவே இருக்க வேண்டும். பழைய படத்தில் மனிதர் முள்ளில் ஒரு சின்ன வரியாக இருந்தது, இப்போது இரண்டு கொத்தின் அடியில் நிற்கிறது. ஆள் கேட்பதற்கு இது இன்னும் பலமான காட்சி என்று நினைக்கிறேன். நீங்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை.

லிந்துலை குமார் (வியாழன், காலை 7.15)

நடுவில் வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் பேக்டரியிலும் மழைக்காலத்தில் இதே பிரச்சினை. 15ஆம் எண் "மழை" என்பதை எந்தக் கொத்தில் போடுவது? மழையை நாம் என்ன செய்ய முடியும்? அதை எடுத்துவிடலாமே?

பண்டாரவளை செல்வம் (வியாழன், காலை 7.50)

எடுக்க வேண்டாம். நம்மால் மாற்ற முடியாதது என்பதால் அது காரணம் இல்லை என்றாகாது. கீதா பார்த்தபடி மழையில் இருந்து இரண்டு கோடு போகிறது. ஒன்று ஈரக் கொழுந்து வாட்டம் போதாமல் வருவது. மற்றது விறகு நனைவது. மழையை நிறுத்த முடியாது, ஆனால் விறகை நனையாமல் வைக்கலாம், மாடியில் வாட்டும் நேரத்தைக் கூட்டலாம். அதனால் 15ஐயும் 9க்குக் கீழே ஒன்று, 8+13க்குக் கீழே ஒன்று என இரண்டு முறை எழுதுங்கள்.

உங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவ மழை கொட்டும். எங்கள் ஊவாப் பக்கம் அந்த நேரம் காய்ந்த காற்றுதான். நாங்கள் இதே மீனை ஜூலையில் போட்டால் 15 வந்தே இருக்காது. அதனால் அட்டவணையின் தலையில் எந்தத் திகதியில், எந்தப் பருவத்தில் எழுதியது என்றும் போடுங்கள்.

தலவாக்கலை பழைய டீமேக்கர் (வியாழன், காலை 10.20)

14ஐ யாரும் தொடவில்லை. ஈரமானி பிழையாகக் காட்டினால் மற்றப் பதினைந்தும் வீண். அதை முதலில் பாருங்கள் மகள், செலவில்லாத வேலை. டிரையர் வாயில் எடுத்த ஒரே மாதிரியில் பாதியை ஈரமானியில் வையுங்கள். மீதியை மூடியுள்ள டப்பாவில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, 103 பாகை செல்சியஸில் உலர்த்தி எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. மூடுபனியில் தேயிலை தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஹட்டன் கீதா (வெள்ளி, இரவு 9.00)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் போனில் ஆட்களைப் பிடித்துக் கதைத்தேன்.

6ஐ எழுதியது எங்கள் அடுப்புப் பக்கம் வேலை செய்யும் ஒரு அண்ணன். உள்ளே போகும் காற்றின் தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் எழுதினாராம். பதிவுப் புத்தகத்திலும் பார்த்தேன், ராத்திரி 1 மணிக்குப் பிறகு சில நாட்களில் 175, 180 என்று இறங்கியிருக்கிறது. அதனால் 3உம் 8+13உம் 6க்குக் கீழேயே இருக்கின்றன.

5ஐ எழுதியவர் பிட்டர். "பெல்ட்தான், விசிறி பெல்ட்" என்றார். அது காற்றுக் கொத்துக்குப் போனது. அந்தக் கொத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இயந்திர முள்ளில் மற்றவற்றோடு இருந்தபோது அது தனியாகத் தெரியவே இல்லை.

சிங்கள நண்பரிடமும் 13ஐப் பற்றிக் கேட்டேன். விறகைத்தான் சொன்னேன் என்றார். அடுப்புக்குப் பின்னால் விறகை மூடும் படங்கு கிழிந்து நான்கு மாதம் ஆகிறது என்றும் சொன்னார். அது படத்தில் இல்லை. இதை எங்கே போடுவது?

1, 2 இரண்டும் எந்தக் கொத்திலும் நிற்கவில்லை. "அதனால்" வைத்து வாசித்தால் நடுவில் ஒரு துண்டு இல்லாமல் போகிறது. 7ஐ எழுதியவர் போனை எடுக்கவில்லை. மூன்றையும் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

கண்டி தாதி (வெள்ளி, இரவு 9.25)

படங்கைப் படத்தில் கண்டதோடு கலக்காதீர்கள் கீதா. கோட்டுக்கு இடப்பக்கம் அன்றைக்கு சுவரில் இருந்தது மட்டும்தான். கீழே புதிய வரியாக 17 என்று போட்டு, "பிறகு தொலைபேசியில் கேட்டது" என்று திகதியோடு எழுதுங்கள். படத்தில் இருந்த முள் என்ற பத்தி காலியாக இருக்கட்டும். அது 8+13க்குக் கிளை, மழையும் அதன் வழியாகத்தான் விறகுக்கு வருகிறது.

1ஐப் பற்றி ஒன்று சொல்கிறேன். எழுதியவரிடம் "அவர் எதைப் பார்க்கத் தவறினார்?" என்று மட்டும் கேளுங்கள். "தெர்மாமீட்டரை" என்றால் சூடு, "தட்டை" என்றால் தடிப்பு. பதிலே இல்லையென்றால் அப்படியே ஓரத்தில் இருக்கட்டும்.

பதுளை சுதன் (வெள்ளி, இரவு 9.50)

ஆறு முள் பத்தியையும் விட்டுவிடாதீர்கள் அக்கா, சேர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ஹட்டன் கீதா (சனி, மாலை 5.30)

கொடுத்துவிட்டேன். இரண்டு பத்தியும் வைத்தேன் சுதன் தம்பி. சேர் ஆறு முள்ளைப் பார்த்துவிட்டு, ஐந்து கொத்தில்தான் நிறைய நேரம் நின்றார். "2ஐ ஏன் ஓரத்தில் வைத்தாய்? பயிற்சி எல்லாக் கொத்துக்கும் அடிப்படை இல்லையா?" என்று கேட்டார். என்ன பயிற்சி, யாருக்கு என்று எழுதியவருக்கே சொல்லத் தெரியவில்லை என்றேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த வாரம் வகுப்பில் எல்லோரிடமும் கேட்போம் என்றார்.

1ஐ எழுதியவர் "தட்டை" என்றார். அதனால் அது இப்போது 11க்குக் கீழே, 4க்குப் பக்கத்தில். 17ஐப் பச்சை நிறத்தில் போட்டிருக்கிறேன். ஈரமானி மாதிரி திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போகிறது ஐயா, மூடியுள்ள டப்பாவில்.